தவறான ஜிஎஸ்டி எண்ணில் போன பில்

சரக்கு சரி, அளவு சரி, தொகை சரி. வாங்குபவரின் ஜிஎஸ்டி பதிவு எண் மட்டும் வேறொருவருடையது. ஒரு வரி பில்லில் நேரும் தவறுகளில் அதிகச் சிக்கலைத் தருவது இதுதான். விலை தவறாகிவிட்டால் விற்றவரும் வாங்கியவரும் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எண் தவறிவிட்டால், இந்த வியாபாரத்தில் எந்தப் பங்கும் இல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். விற்றவர் கட்டும் வரி அவருடைய கணக்கில் வரவாகக் காட்டும். பணம் கொடுத்து வாங்கியவர் கணக்கில் ஒன்றும் வராது.

வரி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 46ஆம் விதி சொல்கிறது. வாங்குபவர் பதிவு பெற்றவர் என்றால் அவருடைய எண் கட்டாயம். வாங்குபவர் தான் செலுத்திய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வதை உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். விற்றவர் தன் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எந்த எண்ணுக்கு எதிரே பில்லை எழுதுகிறாரோ, அந்த எண்ணுக்குரியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில்தான் அந்த வரி வந்து சேரும். 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் படிவத்தில் காட்டாத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. கையில் அசல் பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று என்று வாங்கியவர் சொன்னாலும் பயனில்லை.

இந்த எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, கேரளா 32. அடுத்த பத்தும் வருமான வரியின் பான் எண். கடைசி எழுத்து ஒரு சரிபார்ப்புக் குறி. முந்தைய 14 எழுத்துகளை வைத்துக் கணக்கிட்டு வருவது. தட்டச்சில் ஓர் எழுத்து மாறினால் கணக்கு இடித்து, கணினி பெரும்பாலும் அந்த எண்ணை ஏற்காது. ஆகவே நடைமுறையில் நுழையும் தவறான எண், யாரோ ஒருவருடைய சரியான எண்ணாகவே இருக்கிறது. கணக்கு மென்பொருளில் அடுத்தடுத்து நிற்கும் ஒத்த பெயர்களில் ஒன்றைத் தொட்டுவிடுவது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாநிலக் கிளைகளில் ஒன்றை மாற்றி எடுத்துவிடுவது, தனி உரிமையாளர் கடை கூட்டு நிறுவனமாகி பான் எண்ணே மாறிய பிறகும் பழைய எண்ணிலேயே பில் போடுவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அரசின் இணையதளம் அந்த எண் உண்மையில் உண்டா என்று பார்க்கும். அதற்குரியவர்தான் சரக்கை வாங்கியவரா என்பது அதற்குத் தெரியாது.

பரிகாரம் என்ன என்பது, தவறு தெரியவரும்போது பில் எதுவரை போய்விட்டது என்பதைப் பொறுத்தது. விற்றவரின் மேசையிலேயே இருக்கிறதா, அரசின் பதிவுத் தளத்துக்குப் போய்விட்டதா, மாதப் படிவத்திலும் ஏறிவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படி தாண்டும்போதும் வழி குறுகுகிறது, செலவு கூடுகிறது.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறு வியாபாரிக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் இல்லை. அவர் போடும் பில் மாதப் படிவம் தாக்கல் ஆகும்வரை அவருடைய புத்தகத்தில்தான் இருக்கிறது. தவறைக் கண்டதும் பில்லின் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி, குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வரிசை எண்ணில் சரியான பில்லைப் போட்டுவிடலாம். மாதப் படிவத்தில் சரியான பில் மட்டும் ஏறும். அவரளவில் காரியம் அத்துடன் முடிந்தது.

2017-18 முதலான ஏதாவது ஓர் ஆண்டில் 5 கோடியைத் தாண்டியவருக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் நிலைமை வேறு. மற்றொரு பதிவு பெற்ற வியாபாரிக்கு அவர் போடும் ஒவ்வொரு பில்லின் விவரமும் பதிவுத் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணும் கியூஆர் குறியீடும் பெற்று வர வேண்டும். இவை இல்லாத பில் சட்டப்படி பில்லே அல்ல. இந்த எண் உண்டாகும் விதம் ரத்து செய்பவருக்கு முக்கியமானது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் ஐஆர்என் கணக்கிடப்படுகிறது. வாங்குபவரின் எண்ணுக்கு அதில் இடமில்லை. அதனால் 412ஆம் எண் பில்லை ரத்து செய்துவிட்டு, வாங்குபவரை மட்டும் மாற்றி அதே 412ஐ மீண்டும் அனுப்பினால், பழைய ஐஆர்என்தான் திரும்ப வரும். ஏற்கெனவே இருப்பது என்று சொல்லித் தளம் அதைத் தள்ளிவிடும். பில் புத்தகத்தில் எண் வரிசை அறுந்துபோகிறதே என்று கவலைப்பட்டு அதே எண்ணோடு மல்லுக்கட்டுவதில் பலருக்கு அரை நாள் போகிறது. ரத்தான எண் அந்த நிதியாண்டு முழுவதற்கும் செத்த எண். புதிய பில்லுக்குப் புதிய எண்தான்.

பதிவுத் தளத்தில் திருத்தம் என்ற ஒன்றே கிடையாது. பில்லை முழுதாக ரத்து செய்யலாம். அதுவும் ஐஆர்என் உண்டான 24 மணி நேரத்துக்குள். வேலை நாள், விடுமுறை நாள் என்ற கணக்கு இல்லை. சனிக்கிழமை மாலை போட்ட பில்லின் தவறு திங்கள் காலை கண்ணில் பட்டால் கெடு முடிந்திருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் ஓர் எந்திர உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் வாடிக்கையாளருக்கு ஓசூரில் ஒரு ஆலை, பெங்களூரில் ஒரு ஆலை. நிறுவனம் ஒன்றே, பான் எண்ணும் ஒன்றே. ஆனால் ஓசூரின் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், பெங்களூருடையது 29இல். ஆர்டர் கொடுத்தது ஓசூர். சரக்கின் மதிப்பு 4,00,000 ரூபாய், வரி 18 சதவீதம். ஜூன் 6ஆம் தேதி மாலை 4 மணிக்கு பில் எண் 412 போடும்போது கணக்கர் பட்டியலில் பெங்களூர் பெயரைத் தொட்டுவிடுகிறார். 29 என்று கண்டதும் மென்பொருள் அதை வெளிமாநில விற்பனையாக எடுத்துக்கொண்டு 72,000 ரூபாயை ஐஜிஎஸ்டி என்று போட்டுவிடுகிறது. முறைப்படி அது மத்திய ஜிஎஸ்டி 36,000, மாநில ஜிஎஸ்டி 36,000 என்று இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். ஐஆர்என் வந்துவிட்டது, அதோடு லாரிக்கான இ-வே பில்லும் உண்டாகிவிட்டது.

சரக்கு ஏற்றும் இடத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் காகிதத்தைப் பார்க்கிறார். ஓசூருக்குப் போகும் சரக்கில் ஐஜிஎஸ்டி ஏன் என்று கேட்கிறார். தவறு வெளியே தெரிவது பெரும்பாலும் இப்படித்தான். 15 எழுத்துகளை யாரும் படித்துப் பார்ப்பதில்லை, ஆனால் உள்ளூர்ப் பில்லில் ஐஜிஎஸ்டி என்ற எழுத்து கண்ணை உறுத்தும். லாரி இன்னும் கிளம்பவில்லை என்பதால் வழி முழுவதும் திறந்திருக்கிறது.

முதலில் ரத்தாக வேண்டியது இ-வே பில். அது நடப்பில் இருக்கும்வரை ஐஆர்என்னை ரத்து செய்யத் தளம் விடாது. வரிசையை மாற்றிச் செய்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இ-வே பில்லுக்கும் 24 மணி நேரக் கெடுதான். வழியில் ஓர் அதிகாரி அதைச் சோதித்துப் பதிவு செய்துவிட்டால் பிறகு ரத்து செய்ய முடியாது. அடுத்தது ஐஆர்என். ரத்துக்கான காரணம் கேட்கும் இடத்தில் Data entry mistake என்பதைத் தேர்ந்து, வாங்குபவர் எண் தவறு என்று குறிப்பிட்டால் போதும். பிறகு அடுத்த காலி எண்ணில், உதாரணத்துக்கு 416 என்று வைத்துக்கொள்வோம், ஓசூரின் 33 எண்ணைப் போட்டுப் புதிய பில், புதிய ஐஆர்என், புதிய இ-வே பில். ஓட்டுநர் கையில் இருக்கும் பழைய காகிதங்களை வாங்கிக்கொண்ட பிறகே புதியதைக் கொடுக்க வேண்டும். இரண்டும் லாரியில் இருந்தால் வழியில் நடக்கும் சோதனையில் பதில் சொல்வது கடினம். பெயரில் எழுத்துப் பிழை போன்ற சிறு தவறுகளுக்கு லாரியைப் பிடித்து வைக்க வேண்டாம் என்று 2018இல் வந்த சுற்றறிக்கைகூட, ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால்தான் என்று நிபந்தனை போட்டிருக்கிறது.

412ஐக் கிழித்துப் போடக் கூடாது. ஜிஎஸ்டிஆர்-1இன் 13ஆம் அட்டவணையில் அந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை பில் போடப்பட்டது, அதில் எத்தனை ரத்து என்று காட்ட வேண்டும். 412 அங்கே ரத்துக் கணக்கில் வரும். ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்கு வருபவர் விடுபட்ட எண்ணைத்தான் முதலில் கேட்பார்.

இனி, மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஓசூரில் இறங்கிவிட்டது. பதிவுத் தளத்திலிருந்து 412 தானாகவே ஜிஎஸ்டிஆர்-1க்கு வந்து, ஜூலை 11இல் அந்தப் படிவமும் தாக்கலாகிவிட்டது. ஜூலை 14இல் வெளியாகும் ஓசூர் ஆலையின் 2பி அறிக்கையில் பில் இல்லை. மறுநாள் அங்கிருந்து ஃபோன் வருகிறது: “சார், உங்க ஜூன் பில் ஒண்ணு 2பியில வரல. எழுபத்திரண்டாயிரம் வரி. எப்ப சரி பண்ணுவீங்க?” பெங்களூர் ஆலையின் 2பியில் அது உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ரத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலை மாதக் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஏ என்று ஒரு திருத்தப் படிவம் வந்திருக்கிறது. அதே மாதத் தவறுகளை ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வதற்குள் அதில் சரி செய்யலாம். ஆனால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை மட்டும் அதில் மாற்ற முடியாது. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல்தான் மாற்ற முடியும். இது தெரியாமல் 1ஏ படிவத்தை நம்பி நாள் கடத்துபவர்கள் உண்டு.

எஞ்சியிருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இன் 9ஏ அட்டவணையில் பழைய பில்லைக் குறிப்பிட்டு எண்ணை மட்டும் திருத்துவது. இரண்டு வாடிக்கையாளர்களும் ஒரே மாநிலத்தில் இருந்து, வரியின் வகை மாறாமல், பில் இ-இன்வாய்ஸ் அல்லாததாகவும் இருந்தால் இதுவே எளிது; வாங்கியவருக்குத் திருத்திய பிரதி ஒன்றும் கொடுத்துவிட வேண்டும். இ-இன்வாய்ஸுக்கு இது முழுமையாகப் பொருந்துவதில்லை. படிவத்தில் எண் மாறினாலும், வாங்கியவர் கையில் இருக்கும் பில்லும் அதன் கியூஆர் குறியீடும் தவறான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். படிவமும் காகிதமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பது பிற்பாடு வினாக்களுக்கு இடம் கொடுக்கும்.

மற்றது, கிரெடிட் நோட் போட்டுப் பழைய பில்லை இல்லாததாக்கி, புதிய பில் போடுவது. நம் உதாரணத்தில் வரியின் வகையே மாறுவதால் இதுதான் தகுந்த வழி. கிரெடிட் நோட் போடும் சூழல்களைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. தவறான எண் என்று அதில் நேரடியாக இல்லை. பில்லில் போட்ட வரி உண்மையில் கட்ட வேண்டியதைவிட அதிகம் என்ற இனத்தில்தான் நடைமுறையில் இதைக் கொண்டுவருகிறார்கள். ஜூலையில் பெங்களூரின் 29 எண்ணுக்கே, 412ஐக் குறிப்பிட்டு, 4,00,000 ரூபாய்க்கும் 72,000 ரூபாய் ஐஜிஎஸ்டிக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்கும் தனி ஐஆர்என் உண்டு. கிரெடிட் நோட்டை ஓசூர் எண்ணுக்குப் போட்டுவிடுவது மறுபடியும் ஒரு தவறு. எந்த எண்ணில் பில் போனதோ அதே எண்ணில்தான் அது திரும்ப வேண்டும். பிறகு ஓசூருக்குப் புதிய பில், 36,000 ரூபாய் வீதம் இரண்டு வரிகளோடு. சரக்கு ஏற்கெனவே அங்கே இருப்பதால் புதிய இ-வே பில்லுக்கு வேலை இல்லை.

பணக் கணக்கு இப்படிப் போகும். ஜூன் மாதத்துக்கு 72,000 ஐஜிஎஸ்டி கட்டியாயிற்று. ஜூலைக் கணக்கில் ஐஜிஎஸ்டியில் 72,000 குறையும், மத்திய, மாநில வரிகளில் 36,000 வீதம் ஏறும். ஜூலையில் வேறு வெளிமாநில விற்பனை இருந்தால் அதன் ஐஜிஎஸ்டியிலேயே இந்தக் கழிவு நேராகிவிடும். இல்லையென்றால் அது வரும் மாதங்களுக்காகக் காத்திருக்கும். அதுவரை 72,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். தவறான இனத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது: சரியான இனத்தில் வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம், சரியான வரியைத் தாமதமாகக் கட்டியதற்கு வட்டியும் இல்லை. ஆனால் கிரெடிட் நோட் மூலம் வரியைக் குறைத்துக்கொண்டவர் அதே தொகையைத் திரும்பவும் கேட்க முடியாது. ஓசூர் ஆலைக்கு ஆகஸ்ட் 14ஆம் தேதி 2பியில்தான் வரவு வரும். ஒரு மாதம் தாமதம், ஆனால் முழுத் தொகையும் கிடைக்கும்.

பெங்களூர் ஆலை என்ன செய்கிறது என்பதும் விற்றவரைப் பாதிக்கும். 2024 அக்டோபர் முதல் ஐஎம்எஸ் என்ற வசதியில், தன் எண்ணில் வந்த பில்லையும் கிரெடிட் நோட்டையும் ஒருவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கருதப்படும். அப்படிக் கேட்பாரற்று ஏறிய 412இன் வரவை, ஆகஸ்டில் வரும் கிரெடிட் நோட் அழித்துவிடும். ஆனால் அங்கிருப்பவர் ‘இது யாருடையதோ’ என்று கிரெடிட் நோட்டை நிராகரித்தால், விற்றவர் குறைத்துக்கொண்ட 72,000 அவர் தலையிலேயே திரும்ப ஏறும். ஒரே நிறுவனத்தின் இரு ஆலைகள் என்றால் ஒரு ஃபோனில் பேசி முடிக்கலாம். முன்பின் தெரியாத வேறொரு நிறுவனம் என்றால், கிரெடிட் நோட் போடுவதற்கு முன்பே அவர்களுக்கு மின்னஞ்சலில் விவரம் எழுதி, வரவு எடுத்திருந்தால் திருப்பிவிடுமாறு கேட்டு, அவர்கள் பதிலை வாங்கி வைப்பது அவசியம். 2025இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது வெறும் மரியாதைக்காகச் செய்யும் காரியம் அல்ல. எதிர்த் தரப்பு தன் வரவைத் திருப்பாவிட்டால், கிரெடிட் நோட்டை வைத்து விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இதற்கெல்லாம் கடைசிக் கெடு ஒன்று இருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுப் படிவம் தாக்கலாகும் நாள், இவற்றில் முந்தியது எதுவோ அது. அதற்குப் பிறகு 9ஏ திருத்தமும் இல்லை, வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டும் இல்லை, பொதுவாக வாங்கியவருக்கு வரவும் இல்லை. ஆண்டுக் கணக்கு முடிக்க உட்காரும்போதுதான் 2பியை ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கெடுவில்தான் அடிபடுகிறார்கள்.

கெடு தாண்டியவர்களில் சிலர் நீதிமன்றம் போய் நிவாரணம் பெற்றிருக்கிறார்கள். ஆந்திரப் பிரதேசத்து வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதிலாக உத்தரப் பிரதேசத்து எண்ணைப் போட்டுவிட்ட ஒரு விற்பனையாளருக்கு, படிவத்தைத் திருத்திக்கொள்ளச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அனுமதி கொடுத்தது. 2025 மார்ச்சில் அபெர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுத்தர் வேலையில் நேரும் பிழையைத் திருத்தும் வாய்ப்பு வியாபாரிக்கு இருக்க வேண்டும் என்ற கருத்தை வெளிப்படுத்தியது. 2017-18, 2018-19 ஆண்டுகளில் விற்றவர் தவறான எண்ணில் காட்டிய பில்களுக்கு, அவரிடமோ பட்டயக் கணக்காளரிடமோ சான்றிதழ் வாங்கி வரவை ஏற்கும் வழியை 2022 டிசம்பர் 27ஆம் தேதியிட்ட 183ஆம் எண் சுற்றறிக்கை ஏற்படுத்தியது. பின்னால் அது 2021 டிசம்பர் வரைக்கும் நீட்டப்பட்டது. அதன் பிறகான பில்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வழக்கில் வெல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் 72,000 ரூபாய்க்காக ஒரு சிறு தொழிற்சாலை உயர் நீதிமன்றப் படி ஏறுவது கட்டுப்படியாகும் காரியம் அல்ல.

புதிய வாடிக்கையாளரின் பெயரைக் கணக்கில் ஏற்றும் நாளிலேயே ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் அவர் எண்ணைப் போட்டு, பெயரும் மாநிலமும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். இரண்டு மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால், கணக்குப் பெயரோடு ஊரையும் சேர்த்து ‘ஓசூர் 33’, ‘பெங்களூர் 29’ என்று எழுதி வைத்தால் கை தவறாது. வாங்குபவர்களும் பில் கைக்கு வந்த அன்றே தங்கள் எண்ணைச் சரிபார்த்துவிட வேண்டும். ஐஆர்என் உண்டான நேரத்திலிருந்து 24 மணி நேரம் தாண்டாமல் ஒரு ஃபோன் வந்துவிட்டால், இ-வே பில் சாலையில் சோதிக்கப்படாதவரை, விற்றவருக்கு ரத்து செய்யும் வழி இன்னும் திறந்தே இருக்கும்.